முதல் ஓட்டத்துக்கு முன்: ஜி-கோடு வரிகளும் சிமுலேஷன் காட்டாத இடங்களும்

அம்பத்தூர் எஸ்டேட்டிலோ திருமுடிவாக்கத்திலோ ஒரு சின்ன ஜாப் ஒர்க் ஷெட்டில் சி.என்.சி. மெஷினுக்கான புரோகிராம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. கேம் மென்பொருளில் யாரோ போட்டுக் கொடுத்து, பென் டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்புகிறார்கள். கூடவே ஒரு சிமுலேஷன் வீடியோவும் வரும். அதில் டூல் அழகாகச் சுற்றும், பீஸ் பளபளவென்று தெரியும். "சிமுலேஷன் ஓகே" என்று சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்தினால் முதல் பத்து வினாடிக்குள் டூல் ஜாபில் இறங்கி இடிக்கும். முதல் ஓட்டத்தில் நடக்கும் இடிகளில் பெரும்பாலானவை கட்டிங்கின் நடுவில் நடப்பதில்லை. டூல் மேலேயிருந்து ஜாபுக்கு வந்துசேரும் அந்த நாலைந்து வரியில்தான் நடக்கின்றன. அந்த வரிகளில்தான் சிமுலேஷனுக்குப் பார்வை கிடையாது.

ஒரு சின்ன ஜாபை எடுத்துக்கொள்வோம். 100 × 60 × 20 மி.மீ. அலுமினிய பிளேட். மேல் முகத்தில் சுற்றிலும் 10 மி.மீ. அகலத்துக்கு, 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு படி இறக்க வேண்டும். நடுவில் 80 × 40 மேடு நிற்கும், அதன் மூலைகள் ஆரம் 5. மெஷின் மூன்று அச்சு வி.எம்.சி., ஃபேனக் வகைக் கன்ட்ரோல். டூல் 10 மி.மீ. கார்பைடு எண்ட் மில், மூன்று பல். ஜீரோ, பிளேட்டின் இடது கீழ் மூலையில், மேல் முகத்தில். புரோகிராமின் முன்பாதி இது:

```
O1001
G21 G17 G40 G49 G80 G90
T1 M06
G54
S3500 M03
G00 X5. Y-10.
G43 H01 Z50.
Z5. M08
G01 Z-2. F150
```

இரண்டாவது வரியை மந்திரம் மாதிரி எல்லாரும் ஒட்டிவைக்கிறார்கள், ஏன் என்று கேட்டால் பதில் வராது. ஜி-கோடுகளில் பெரும்பாலானவை ஒருமுறை போட்டால் அடுத்தது வந்து மாற்றும்வரை நிலைத்திருக்கும். முந்தைய ஜாபில் யாராவது `G91`-ல் விட்டுப் போயிருந்தால், உங்கள் `X5.` "ஜீரோவிலிருந்து ஐந்தாவது மில்லிமீட்டர்" ஆகாது, "இப்போது நிற்கும் இடத்திலிருந்து இன்னும் ஐந்து" ஆகிவிடும். `G21` மில்லிமீட்டர். அதற்குப் பதில் `G20` இருந்தால் எல்லா அளவும் அங்குலம், 5 மி.மீ. போக வேண்டியது 127 மி.மீ. போகும். சிமுலேட்டர் எப்போதும் சுத்தமான நிலையில் தொடங்கும். மெஷின் நேற்று இரவு ஷிப்ட் விட்ட நிலையில் தொடங்கலாம். அதனால் இந்த வரி இல்லாத புரோகிராம் கணினியில் சரியாகவும் மெஷினில் தப்பாகவும் ஓட முடியும்.

`T1 M06` என்றால் ஒன்றாம் எண் டூலை ஏற்று. சிமுலேட்டருக்கு ஒன்றாம் எண் என்றால் 10 மி.மீ. எண்ட் மில். மெஷினின் ஒன்றாம் பாக்கெட்டில் முந்தைய ஆள் போட்ட டிரில் இருக்கலாம். இதற்கு ஒரே வழி, ஒற்றை வரியைக் கையால் அடித்து ஓட்டும் எம்.டி.ஐ.யில் டூலை ஏற்றிக் கண்ணால் பார்ப்பதுதான்.

`S3500` சரியா என்று ஒரு கணக்குப் போட்டுவிடலாம். 3500 சுற்றில் 10 மி.மீ. டூலின் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 110 மீட்டர் ஓடுகிறது. அலுமினியத்தில் கார்பைடுக்கு இது மிதமான வேகம்தான், முதல் ஓட்டத்துக்குப் போதும். பின்னால் வரும் `F500`-ஐ 3500-ஆலும் மூன்று பல்லாலும் வகுத்தால் ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. இந்த அளவு டூலுக்கு அது நியாயமான கடி. `F5000` என்று ஒரு பூஜ்யம் கூடியிருந்தால் சிமுலேஷனில் டூல் சற்று வேகமாக நகரும், அவ்வளவுதான் தெரியும். மெஷினில் டூல் உடையும்.

இனி முக்கியமான வரி: `G43 H01 Z50.`

`G43` என்பது டூல் நீளத்தைக் கணக்கில் சேர். `H01` என்பது ஆப்செட் பக்கத்தில் ஒன்றாம் வரியில் இருக்கும் நீளம். இந்த வரியில் `G43` விடுபட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் ஷெட்டில் டூல் எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்பிண்டில் முகத்திலிருந்து டூல் நுனிவரை நேர் எண்ணாக, 120 மி.மீ. என்று அளந்து போடும் வழக்கம் என்றால், `G43` இல்லாத `Z50.` ஸ்பிண்டில் முகத்தையே ஜாபுக்கு 50 மேலே கொண்டுவரப் பார்க்கும். நுனி ஜாபின் மேல் முகத்துக்கு 70 மி.மீ. கீழே போக முயலும். ஜாபே 20 மி.மீ. தடிமன்தான். மாறாக, ஹோமிலிருந்து ஜாபைத் தொடும்வரை உள்ள தூரத்தை மைனஸ் எண்ணாக டூல் ஆப்செட்டில் போட்டு, ஜாப் ஜீரோ எங்கே என்று சொல்லும் `G54`-இன் Z-ஐ பூஜ்யமாக விடும் வழக்கம் என்றால், அதே தவறில் மெஷின் ஹோமுக்கும் மேலே போகப் பார்த்து, ஓவர் டிராவல் அலாரம் கொடுத்து நிற்கும். ஒரே பிழை, ஒரு ஷெட்டில் வெறும் அலாரம், அடுத்த ஷெட்டில் ஸ்பிண்டில் பேரிங். நம் ஊரில் இரண்டு வழக்கமும் உண்டு. எனவே வேறு இடத்திலிருந்து புதிதாக வந்த செட்டர், இங்கே எந்த முறை என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விடுபடுவதைவிட மோசமானது எண் மாறுவது. டூல் `T1`, ஆனால் வரியில் `H02`. இரண்டாம் ஆப்செட்டில் இருக்கும் டூல் 40 மி.மீ. குட்டை என்று வையுங்கள். `Z50.`-க்கு வரும்போது நுனி உண்மையில் 10 மி.மீ. உயரத்தில் நிற்கும். பார்ப்பவருக்கு "மேலேதானே நிற்கிறது" என்று தோன்றும். அடுத்த வரி `Z5.`, அதுவும் ரேப்பிடில், அதாவது `G00`-இன் முழு வேகத்தில். நுனி ஜாபின் மேல் முகத்துக்கு 35 மி.மீ. கீழே போகப் பார்க்கும். எனவே முதல் நிறுத்தத்தில் கண்ணால் மேலோட்டமாகப் பார்த்தால் போதாது, ஸ்டீல் ரூல் வைத்து அளக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் அந்தப் புள்ளி. பல பழைய ஃபேனக் கன்ட்ரோல்களில் `Z5.` என்றால் 5 மி.மீ., புள்ளியில்லாத `Z5` என்றால் 5 மைக்ரான், அதாவது 0.005 மி.மீ. இது பாராமீட்டரைப் பொறுத்தது. சில மெஷினில் இரண்டும் ஒன்றேதான். கணினியில் ஓடும் சிமுலேட்டர்கள் பெரும்பாலும் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 மி.மீ. என்றே எடுத்துக்கொள்ளும். ஆக `Z5` என்று கையால் திருத்திய வரி திரையில் ஜாபுக்கு மேல் பாதுகாப்பாக நிற்கும். மெஷினில் அதே வரி ரேப்பிடிலேயே டூலை ஜாபின் முகத்தில் கொண்டுபோய் வைக்கும். கேம் மென்பொருள் புள்ளியை ஒழுங்காகப் போட்டுவிடும், கையால் தொட்ட வரிகளில்தான் இது விடுபடும். புரோகிராமை ஏற்றியதும் X, Y, Z, I, J, R எழுத்துகளுக்குப் பின் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு தடவை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். F, S, T, H-க்குப் புள்ளி தேவையில்லை.

பின்பாதி:

```
Y45. F500
G02 X15. Y55. I10. J0.
G01 X85.
G02 X95. Y45. I0. J-10.
G01 Y15.
G02 X85. Y5. I-10. J0.
G01 X15.
G02 X5. Y15. I0. J10.
G01 Y20.
G00 Z50. M09
M05
G91 G28 Z0.
G90
M30
```

இதில் எழுதியிருப்பது டூலின் மையம் போகும் பாதை. மேட்டின் இடது ஓரம் X10-இல் இருக்கிறது, டூலின் ஆரம் 5, எனவே மையம் X5-இல் ஓடுகிறது. மூலை ஆரம் 5, டூலின் ஆரம் 5, எனவே மையத்தின் வளைவு ஆரம் 10. `I` `J` இரண்டும் வளைவு தொடங்கும் இடத்திலிருந்து வட்ட மையம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. `G90`-ல் இருந்தாலும் இவை மட்டும் தொடக்கப் புள்ளியிலிருந்துதான் எண்ணப்படும். முதல் வளைவில் டூல் X5 Y45-இல் நிற்கிறது. `I10. J0.` என்றால் மையம் X15 Y45. அங்கிருந்து வலஞ்சுழியாகக் கால் வட்டம் போனால் X15 Y55. சரியாக இருக்கிறது. மற்ற மூன்றையும் இப்படித் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், அதன்பின் வளைவு வரிகளைப் பார்த்துப் பயம் வராது.

இதே இடத்தில் `G02`-க்குப் பதில் `G03` என்று இருந்தால், டூல் அதே புள்ளிக்கு இடஞ்சுழியாக, முக்கால் வட்டம் சுற்றி வரும். வழியில் மேட்டின் நடுவில் X30 வரை வெட்டிக்கொண்டு போகும். இதைச் சிமுலேஷன் கண்ணுக்கு நேரே காட்டிவிடும். இதற்காகத்தான் சிமுலேஷன்.

இனி சிமுலேஷனுக்கு வருவோம். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கேம் மென்பொருளுக்குள் ஓடும் சிமுலேஷன் பெரும்பாலும் ஜி-கோடாக மாறுவதற்கு முந்தைய பாதையைத்தான் காட்டுகிறது. போஸ்ட் பிராசஸர் அதை வரிகளாக எழுதும்போது என்ன செய்தது, பிறகு ஒருவர் நோட்பேடில் திறந்து எதை மாற்றினார் என்பது அதற்குத் தெரியாது. மெஷினுக்குள் போகப்போகிற அதே கோப்பைத் தனியாக ஒரு பார்வையாளரில் திறந்து பார்க்க வேண்டும். `CAMotics` இலவசம், மூன்று அச்சுக்குப் போதும். மெஷினிலேயே கிராபிக்ஸ் பக்கம் இருந்தால் அது இன்னும் நல்லது, ஏனென்றால் புள்ளி விஷயத்தையும் சேர்த்து அந்தக் கன்ட்ரோல் புரிந்துகொண்டபடியே காட்டும்.

திறந்ததும் முதலில் கோட்டு வடிவத்தில், பக்கவாட்டில் பாருங்கள். ரேப்பிட் கோடுகளுக்கு ஒரு நிறம், கட்டிங் கோடுகளுக்கு வேறு நிறம் இருக்கும். எது எந்த நிறம் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். Z பூஜ்யத்துக்குக் கீழே ரேப்பிட் நிறம் எங்கே வருகிறது? நம் ஜாபில் ஒரே ஓர் இடத்தில்தான் வரலாம்: கடைசியில் டூல் -2-இலிருந்து நேராக மேலே எழும்போது. வேறு எங்காவது, குறிப்பாகக் கிடைமட்டமாகவோ சாய்வாகவோ வந்தால் அந்த வரி எண்ணைக் குறித்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

அடுத்து எல்லை அளவுகள். பல பார்வையாளர்கள் புரோகிராம் தொடும் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகளைக் காட்டும். இதில் X 5 முதல் 95, Y -10 முதல் 55, Z -2 முதல் 50 என்று வர வேண்டும். முதலில் இதைத் தாளில் நீங்களே எழுதிவைத்துக்கொண்டு பிறகு திரையைப் பாருங்கள். திரையைப் பார்த்துவிட்டு "சரியாகத்தான் இருக்கும்" என்று தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

மூன்றாவதாகத் திண்ம வடிவம். பிளேட்டின் அளவு, ஜீரோ, டூல் விட்டம் மூன்றையும் சரியாகக் கொடுத்து, மெட்டீரியல் வெட்டுப்படுவதை ஓட்டிப் பாருங்கள். நம் புரோகிராமில் கோட்டு வடிவம் குறையில்லாமல் இருக்கும். திண்ம வடிவத்தில் மூன்று மூலைகளில் ஒரு சின்னக் கொம்பு நிற்பது தெரியும். டூல் வளைவாகத் திரும்பும்போது அதன் வெளி விளிம்பு வளைவு மையத்திலிருந்து 15 மி.மீ. தூரம்தான் எட்டுகிறது. பிளேட்டின் மூலையோ அங்கிருந்து 21.2 மி.மீ. தள்ளி இருக்கிறது. மீதி 6 மி.மீ. சொச்சம் வெட்டுப்படாமல் நிற்கிறது. டூல் வெளியிலிருந்து உள்ளே நுழையும் இடது கீழ் மூலை மட்டும் தப்பிவிடுகிறது. மேட்டின் அளவு சரிதான், ஆனால் படியில் மூன்று கொம்போடு பீஸ் ரிஜெக்ட். இதைச் சரிசெய்ய, வளைவுப் பாதைக்கு முன் X5-இலும் X95-இலும் Y-10-இலிருந்து Y70 வரை பிளேட்டைத் தாண்டிப் போகும் இரண்டு நேர் வெட்டுகள் போட்டால் போதும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது `Z5.`-க்குத் தூக்கிக்கொள்ள வேண்டும். இப்போது Y-இன் உச்சம் 55 அல்ல, 70. தாளிலும் அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த Y-10-க்கும் Y70-க்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிளேட்டை வைஸில் Y திசையில் பிடித்திருந்தால், அந்த இரண்டு இடத்திலும் டூல் வைஸ் தாடைகளின் மேலே நிற்கிறது. சிமுலேஷனில் வைஸ் இல்லை. பேரலல் கட்டை வைத்து பிளேட் தாடைக்கு மேல் 8 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால், 2 மி.மீ. ஆழத்தில் நுனிக்கும் தாடைக்கும் 6 மி.மீ. இடைவெளி இருக்கும், கவலையில்லை. அதே பாதையை நாளைக்கு 10 மி.மீ. ஆழத்துக்கு யாராவது மாற்றினால் டூல் தாடையை வெட்டும், திரை அப்போதும் பச்சைக் கொடிதான் காட்டும். எனவே புரோகிராமின் மிகக் குறைந்த Z-ஐயும் தாடைக்கு மேல் ஜாப் நீட்டும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ரேப்பிடின் பாதையும் திரையில் ஒரு மாதிரி, மெஷினில் ஒரு மாதிரி இருக்கலாம். பல ஃபேனக் மெஷின்களில் `G00`-இல் X, Y இரண்டும் தத்தம் வேகத்தில் கிளம்பும். குறைந்த தூரம் போக வேண்டிய அச்சு முதலில் முடித்துவிடும். ஆகவே பாதை நேர்கோடாக இல்லாமல் முட்டிபோல் மடங்கும். சிமுலேட்டர் நேர்கோடு வரைந்து, கிளாம்புக்குப் பக்கத்தில் தப்பிப் போவதாகக் காட்டும். மெஷினில் மடங்கிய பாதை அதே கிளாம்பின் மேல் போகலாம். கிளாம்ப் போட்ட ஜாபில், மிக உயரமான போல்ட்டைவிட உயரத்தில்தான் ரேப்பிட் நகர்வுகள் இருக்க வேண்டும்.

கடைசி வரிகளில் ஒன்று: `G91 G28 Z0.` இதை யாராவது "சுத்தம் செய்து" `G90 G28 Z0.` ஆக்கிவிட்டால், டூல் ஹோமுக்குப் போகும் வழியில் ஜாபின் Z பூஜ்யத்துக்கு ரேப்பிடில் இறங்கிவிட்டுப் பிறகு மேலே போகும். `G28` ஓர் இடைப்புள்ளி வழியாகத்தான் போகும், `G90`-ல் அந்த இடைப்புள்ளி ஜாபின் மேல் முகம். நம் ஜாபில் டூல் அப்போது 2 மி.மீ. வெட்டிய படியின் மேல் நிற்பதால் தப்பிக்கும். வெட்டாத இடத்துக்கு மேல் முடியும் ஜாபில், ஸ்பிண்டில் நின்றுபோன நிலையில் டூல் முகத்தில் குத்தும்.

இனி மெஷினுக்கு. புரோகிராமைத் தொடும் முன் ஆப்செட்டைச் சோதிக்கும் வழி இது. Z-ஐ மேலே வைத்துக்கொண்டு, ஹேண்டில் வீலால் டூலை ஜாபின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். எம்.டி.ஐ.யில் இந்த ஒரு வரி:

```
G90 G54 G43 H01 G01 Z50. F500
```

ரேப்பிட் இல்லை, ஃபீடில் இறங்குகிறது, விரல் ஃபீட் ஹோல்டின் மேல். நின்றதும் ஸ்டீல் ரூலை வைத்து நுனிக்கும் ஜாபுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 50 இருந்தால் `G54`-இன் Z-உம் `H01`-உம் சேர்ந்து சரி. 10 இருந்தால், மேலே சொன்ன எண் மாறிய கதை. இங்கே பிடித்துவிட்டால் செலவு ஒன்றுமில்லை.

அதன்பின் காற்றில் ஓட்டம். ஒர்க் ஆப்செட் பக்கத்தின் மேலே `EXT` என்று ஒரு வரி இருக்கும், சிலவற்றில் `00`. அதில் Z-க்கு 50 போட்டால் முழுப் புரோகிராமும் 50 மி.மீ. உயரத்தில் ஓடும். மிகக் கீழே வரும்போதும் நுனி ஜாபுக்கு 48 மேலே இருக்கும். சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக அழுத்தி, திரையில் வரியையும் டூலையும் மாறி மாறிப் பாருங்கள். முடிந்ததும் `EXT` Z-ஐ மறுபடி பூஜ்யமாக்க வேண்டும். மெஷின் லாக் போட்டு கிராபிக்ஸ் ஓட்டினால், முடிந்ததும் மூன்று அச்சையும் மறுபடி ஹோம் எடுத்துவிடுங்கள். லாக்கில் திரையின் எண்கள் ஓடும், அச்சு ஓடாது. பல கன்ட்ரோல்களில் அந்த வித்தியாசம் அப்படியே தங்கிவிடும்.

நிஜ ஓட்டத்தில் ரேப்பிட் ஓவர்ரைடை 25 சதவீதத்தில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். மெஷினின் ரேப்பிட் நிமிடத்துக்கு 24 மீட்டர் என்றால், 25 சதவீதம் என்பது வினாடிக்கு 100 மி.மீ. 50 மி.மீ. இடைவெளி அரை வினாடியில் தீர்ந்துவிடும், விரல் அவ்வளவு வேகமாகப் போகாது. முதல் இறக்கத்துக்கு அதற்கும் கீழே உள்ள `F0` நிலையில் வையுங்கள். சிங்கிள் பிளாக்கில் `Z5.` வரி இறங்கும்போது பாதியில் ஃபீட் ஹோல்ட் அழுத்தி, திரையில் `DISTANCE TO GO` பாருங்கள். இன்னும் 20 போக வேண்டும் என்று திரை சொல்லும்போது, நுனிக்கும் ஜாபுக்கும் இடையே 25 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரீசெட்.

எல்லாம் சரியாக ஓடி முதல் பீஸ் இறங்கியதும் மேட்டை வெர்னியரில் பாருங்கள். 80 வர வேண்டியது 80.2 என்று வந்தால் புரோகிராமைக் குடைய வேண்டாம், டூலை அளங்கள். ரீகிரைண்ட் செய்த எண்ட் மில் நம் ஷெட்களில் சகஜம். 10 என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் 9.8 ஆக இருக்கும். மையப்பாதை 5 மி.மீ. ஆரத்துக்கு எழுதியது, டூல் 4.9 ஆரம்தான் வெட்டுகிறது, பக்கத்துக்கு 0.1 மி.மீ. மெட்டீரியல் மிச்சம். சிமுலேட்டரிடம் 10 என்று சொன்னீர்கள், அது நம்பிவிட்டது. ரீகிரைண்ட் டூல் போடுவதாக இருந்தால், பாதையை மேட்டின் ஓரத்திலேயே எழுதி, `G41`-உம் `D01`-உம் சேர்த்து, டூலின் ஆரத்தை ஆப்செட் பக்கத்தில் கொடுக்கும்படி புரோகிராம் போடுபவரிடம் முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.